18 மாதம், 14 மையம், 5 ஆய்வு

“மருத்துவ ஆய்வுத் துறையில் 3 ஆண்டு 2 மாத அனுபவம். முதல் கட்டம் முதல் நான்காம் கட்டம் வரை எல்லாக் கட்ட ஆய்வுகளிலும் வேலை செய்திருக்கிறேன். 5 ஆய்வுகள், 14 மையங்கள். மையத் தேர்வு, தொடக்கம், கண்காணிப்பு, நிறைவு என எல்லா விசிட்டுகளும் போயிருக்கிறேன். ஒழுங்குமுறை ஆவணங்கள் அனைத்தையும் கையாண்டிருக்கிறேன். நூறு சதவீத மூல ஆவணச் சரிபார்ப்பு.”

கிளினிக்கல் ரிசர்ச் அசோசியேட் வேலைக்கு விண்ணப்பிப்பவர்களின் ரெஸ்யூமேக்களில் இந்த வரிகள் சின்னச் சின்ன மாற்றங்களோடு திரும்பத் திரும்ப வரும். பல ரெஸ்யூமேக்களில் பார்த்ததைச் சேர்த்து நான் இங்கே ஒன்றாக எழுதியிருக்கிறேன். எந்தத் தனி மனிதரையும் இது குறிக்காது. இதில் பொய் இருக்கிறது என்று எடுத்த எடுப்பில் சொல்ல மாட்டேன். ஆனால் உண்மை எவ்வளவு என்பதை இந்த வரிகளை மட்டும் வைத்துக்கொண்டு சொல்ல முடியாது. அதைக் கண்டுபிடிக்கும் வழியைத்தான் இங்கே விளக்கப்போகிறேன். பி.ஃபார்ம், நர்சிங், பயோடெக் படித்துவிட்டு இந்த வேலைக்கு முயற்சி செய்யும் பிள்ளைகள் நம் ஊரில் நிறையப் பேர். எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருப்பவர் ரெஸ்யூமேயை எப்படி வாசிக்கிறார் என்று அவர்களுக்குத் தெரிந்தால் நல்லது.

முதலில் இந்த வேலை என்ன என்று பார்த்துவிடுவோம். ஒரு நிறுவனம் புது மருந்து ஒன்றை மனிதர்களிடம் சோதிக்க வேண்டும். அந்த நிறுவனத்தை ஸ்பான்சர் என்பார்கள். சோதனை நடப்பது மருத்துவமனைகளில். ஒவ்வொரு மருத்துவமனையும் ஒரு ‘சைட்’, அதாவது மையம். அங்கே பொறுப்பு ஏற்கும் மருத்துவர் இன்வெஸ்டிகேட்டர். அவருக்குக் கீழே அன்றாட வேலைகளைப் பார்க்க ஒரு கோஆர்டினேட்டர் இருப்பார். மருந்து நிறுவனத்தின் சார்பாக, அல்லது அது அமர்த்திய ஆய்வு நிறுவனத்தின் சார்பாக, குறிப்பிட்ட இடைவெளியில் மையத்துக்குப் போய் எல்லாம் திட்டப்படி நடக்கிறதா என்று பார்ப்பவர்தான் கிளினிக்கல் ரிசர்ச் அசோசியேட். சுருக்கமாக சிஆர்ஏ. நோயாளி உண்மையிலேயே புரிந்துகொண்டு ஒப்புதல் கையெழுத்துப் போட்டாரா, கேஸ் ஷீட்டில் மருத்துவர் எழுதியதும் கம்ப்யூட்டரில் ஏற்றியதும் ஒன்றுதானா, மருந்து சரியான வெப்பநிலையில் இருந்ததா, பக்கவிளைவு ஏதாவது சொல்லப்படாமல் விடுபட்டதா என்றெல்லாம் பார்ப்பது அவர் பொறுப்பு.

இனி ரெஸ்யூமேக்கு வருவோம். தலைப்பில் 3 ஆண்டு 2 மாதம் என்று இருக்கிறது. கீழே பணி வரலாற்றில் தேதிகளைப் பார்த்தால், முதல் 20 மாதம் ஒரு மருத்துவமனையில் ஸ்டடி கோஆர்டினேட்டர். அடுத்த 18 மாதம்தான் சிஆர்ஏ. இரண்டையும் கூட்டினால் 38 மாதம். தலைப்பில் இருப்பது தவறு இல்லை, துறையில் மொத்த அனுபவம் அவ்வளவுதான். ஆனால் கோஆர்டினேட்டர் மையத்தின் ஆள், சிஆர்ஏ ஸ்பான்சரின் ஆள். ஒருவர் செய்த வேலையை இன்னொருவர் சரிபார்க்கிறார். ஆகவே ‘மானிட்டரிங் அனுபவம்’ என்று நாம் எண்ண வேண்டியது 18 மாதத்தை மட்டும்தான். ரெஸ்யூமேயில் உள்ள மற்ற எண்களை எல்லாம் இந்த 18 மாதத்துக்குள் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

முதல் எண், 14 மையங்கள். சிஆர்ஏ ஒருவர் ஒரு மையத்துக்கு ஆறு வாரத்துக்கு ஒருமுறை போகிறார் என்று வைத்துக்கொள்வோம். நோயாளிகள் நிறையச் சேரும் மையம் என்றால் நான்கு வாரத்துக்கு ஒருமுறை போக வேண்டியிருக்கும், யாரும் சேராத மையம் என்றால் இடைவெளி நீளும். ஆறு வாரம் என்பது கணக்குப் போட வசதியான நடுத்தர அளவு. அப்படியென்றால் ஆண்டுக்கு ஒரு மையத்துக்கு எட்டு, ஒன்பது விசிட். 14 மையங்களும் ஒரே நேரத்தில் இவர் கையில் இருந்திருந்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ 121 விசிட்.

விசிட் என்பது மையத்தில் இருக்கும் ஒரு நாள் மட்டும் அல்ல. சென்னையில் இருப்பவர் திருநெல்வேலிக்கோ மங்களூருக்கோ போய்வர வேண்டும். போவதற்கு முன் போன விசிட்டின் பாக்கிகளைப் பார்த்துத் தயாராக வேண்டும். திரும்பி வந்ததும் விசிட் ரிப்போர்ட் எழுத வேண்டும், இன்வெஸ்டிகேட்டருக்கு ஃபாலோ-அப் கடிதம் அனுப்ப வேண்டும். ஒரு விசிட்டுக்கு மொத்தமாக மூன்று நாள் என்பது தாராளமான கணக்கு இல்லை. 121 விசிட்டுக்கு 363 நாள். சனி, ஞாயிறு, பண்டிகை, சொந்த விடுப்பு எல்லாம் போக ஆண்டில் வேலை நாட்கள் ஏறக்குறைய 230தான் வரும். கணக்கு உதைக்கிறது. அதே கணக்கை எட்டு மையங்களுக்குப் போட்டால் 69 விசிட், 207 நாள். கடினம்தான், ஆனாலும் முடியும்.

இதை வைத்து ரெஸ்யூமேயைக் குப்பையில் போட்டுவிடக் கூடாது. 14 என்ற எண்ணுக்கு நேர்மையான விளக்கங்கள் பல இருக்கலாம். 18 மாதத்தில் மையங்கள் கை மாறியிருக்கலாம், ஒருவர் வேலையை விட்டுப் போகும்போது அவருடைய மையங்கள் இவரிடம் வந்திருக்கும். சில விசிட்டுகள் நேரில் போகாமல் தொலைவிலிருந்தே செய்தவையாக இருக்கலாம். சீனியர் ஒருவரோடு துணைக்குப் போன மையங்களையும் சேர்த்து எண்ணியிருக்கலாம். அலுவலகத்தில் உட்கார்ந்து ஆவணங்களை மட்டும் வாங்கிய மையங்களும் இதில் இருக்கலாம். இவை ஒவ்வொன்றும் வேறு வேறு அளவு அனுபவம். அதனால் கேட்க வேண்டிய கேள்வி, “ஒரே நேரத்தில் உங்கள் பொறுப்பில் அதிகபட்சம் எத்தனை மையங்கள் இருந்தன? அந்த மாதத்தில் எத்தனை நாள் மையத்தில் இருந்தீர்கள்?” உண்மையில் அலைந்தவர் இதற்கு யோசிக்கவே மாட்டார். “ஏழு சார், அந்த ஜூலையில ஒன்பது நாள் வெளியூர்” என்று உடம்பு அலுப்பு ஞாபகத்தில் இருந்தே பதில் வரும்.

அடுத்து, “முதல் கட்டம் முதல் நான்காம் கட்டம் வரை.” முதல் கட்டத்தில் மருந்து மனித உடலில் பாதுகாப்பானதா, எந்த அளவு தாங்கும் என்று சில பத்துப் பேரிடம் பார்ப்பார்கள். பெரும்பாலும் ஆரோக்கியமான தன்னார்வலர்கள், புற்றுநோய் மருந்தென்றால் நோயாளிகள். இரண்டாம் கட்டத்தில் நோயாளிகளிடம் பலன் தெரிகிறதா என்று பார்ப்பார்கள். மூன்றாம் கட்டத்தில் நூற்றுக்கணக்கில், சமயத்தில் ஆயிரக்கணக்கில் நோயாளிகள், பல மருத்துவமனைகள், பெரும்பாலும் சில ஆண்டுகள். நான்காம் கட்டம், மருந்து விற்பனைக்கு வந்த பிறகு. 18 மாதத்தில் இந்த நான்கிலும் ஒருவர் உருப்படியாக வேலை செய்திருப்பது அபூர்வம்.

இங்கே அடிக்கடி நடக்கும் குழப்பம் ஒன்று இருக்கிறது. காப்புரிமை முடிந்த மருந்தை வேறொரு நிறுவனம் தயாரிக்கும்போது, அது அசல் மருந்தைப் போலவே ரத்தத்தில் கலக்கிறதா என்று சோதிப்பார்கள். இதற்குப் பெயர் பயோஈக்விவலன்ஸ் ஆய்வு. இந்தியாவில் இது ஏராளமாக நடக்கிறது. ஆரோக்கியமானவர்களைத் தங்கவைத்து, மருந்து கொடுத்து, நிமிடக் கணக்கில் நேரம் வைத்து ரத்தம் எடுப்பார்கள். ஆரோக்கியமான ஆட்கள், சிறிய எண்ணிக்கை என்பதால் ரெஸ்யூமே எழுதுபவர்கள் இதை முதல் கட்ட ஆய்வு என்று போட்டுவிடுகிறார்கள். இரண்டும் ஒன்றல்ல. முதல் கட்டத்தில் மருந்தே புதிது, அடுத்த டோஸ் கொடுக்கலாமா என்பதே ஒவ்வொரு முறையும் முடிவு செய்ய வேண்டிய விஷயம். பயோஈக்விவலன்ஸில் பல வருடமாக மக்கள் சாப்பிட்டுவரும் மருந்தைப் பற்றித்தான் பேச்சு.

இதைப் பிரித்தறிய எளிய கேள்வி ஒன்று உண்டு: “அந்த ஆய்வுக்கு மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு கொடுத்த அனுமதி எந்தப் படிவத்தில் இருந்தது?” இந்தியாவின் 2019ஆம் ஆண்டு விதிகளின்படி புதிய மருந்தின் மருத்துவச் சோதனைக்கு விண்ணப்பம் சிடி-04, அனுமதி சிடி-06. பயோஈக்விவலன்ஸ் ஆய்வுக்கு விண்ணப்பம் சிடி-05, அனுமதி சிடி-07. மையத்தின் கோப்பில் இந்த அனுமதிக் கடிதத்தின் நகல் இருக்கிறதா என்று ஒவ்வொரு மையத்திலும் பார்த்தவருக்கு அந்த எண் மறக்காது. நான்காம் கட்டத்திலும் இதே போன்ற கலப்பு உண்டு. விற்பனையில் இருக்கும் மருந்தை மருத்துவர் வழக்கம்போல எழுதிக்கொடுக்க, அதன் விளைவை மட்டும் குறித்துக்கொள்ளும் ஆய்வுகளையும் சிலர் நான்காம் கட்டம் என்று எழுதுகிறார்கள். அவற்றில் சிஆர்ஏவின் வேலை மிகவும் லேசானது.

கட்டத்தைக் காலத்தோடு ஒட்டிப் பார்த்தால் இன்னொரு விஷயமும் தெரியவரும். இந்த ரெஸ்யூமேயில் ஒரு மூன்றாம் கட்ட நீரிழிவு ஆய்வு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் மையத் தொடக்க விசிட்டும் செய்தேன், நிறைவு விசிட்டும் செய்தேன் என்கிறார். நோயாளிகளைச் சேர்க்கவே பல மாதம் ஆகும். ஒவ்வொருவருக்கும் 52 வாரம் சிகிச்சை. அதன் பின் கம்ப்யூட்டரில் ஏற்றிய தகவல்களில் உள்ள சந்தேகங்களை எல்லாம் தீர்த்து, தரவுத் தளத்தைப் பூட்ட வேண்டும். அதற்கெல்லாம் பிறகுதான் வழக்கமாக மையத்தை மூடுவார்கள். 18 மாதத்துக்குள் ஒரே மையத்தைத் திறந்து மூடுவது எப்போது நடக்கும்? பெரும்பாலும் அந்த மையத்தில் ஒரு நோயாளிகூடச் சேராதபோது. அப்படி மூடுவதும் நிறைவு விசிட்தான். ஆனால் அதில் மீதி மருந்தை எண்ணித் திருப்பி அனுப்புவதும், கோப்புகளைச் சரிபார்ப்பதும் அரை நாள் வேலை. முப்பது நோயாளிகள் இருந்த மையத்தை மூடுவது வேறு சமாச்சாரம். குறுகிய கால ஆய்வுகள் என்றால், அதாவது சில வாரத்தில் சிகிச்சை முடிந்துவிடும் தொற்று நோய்கள் போன்றவை என்றால், திறந்து மூடியது நம்பத்தக்கதே. நடுவில் வந்து மையத்தை ஏற்று மூடியிருந்தாலும் சரிதான். நிறைவு விசிட் செய்தேன் என்பவரிடம் அந்த மையத்தில் எத்தனை நோயாளிகள் இருந்தார்கள் என்று கேட்டால் மீதி எல்லாம் தெரிந்துவிடும்.

இப்போது “ஒழுங்குமுறை ஆவணங்கள் அனைத்தையும் கையாண்டேன்” என்ற வரி. ரெஸ்யூமேயிலேயே மிகவும் பெரிதாக ஒலிப்பது இதுதான், மிகவும் குறைவாகச் சொல்வதும் இதுதான். சிடி-04 விண்ணப்பத்தை அரசின் சுகம் போர்ட்டலில் ஏற்றுவது பொதுவாக நிறுவனத்தின் ரெகுலேட்டரி பிரிவு. சிஆர்ஏ அதைச் செய்வது அரிது. சிஆர்ஏவின் கையில் இருப்பது மையத்தின் ஆவணங்கள். இன்வெஸ்டிகேட்டர் கையெழுத்திட்ட உறுதிமொழி, அவருடைய மருத்துவக் கவுன்சில் பதிவு, பயிற்சிச் சான்றிதழ், எதிக்ஸ் கமிட்டியின் பதிவுச் சான்று, அதன் ஒப்புதல் கடிதம், அந்தக் கூட்டத்தில் யார் யார் இருந்தார்கள் என்ற பட்டியல், ஸ்பான்சரும் மருத்துவமனையும் மருத்துவரும் கையெழுத்திட்ட ஒப்பந்தம், காப்பீடு, லேபின் தரச் சான்று. இவற்றை வாங்குவதும், எது காலாவதியாகிறது என்று கண்காணிப்பதும், மையத்தின் கோப்பிலும் ஸ்பான்சரின் மாஸ்டர் ஃபைலிலும் ஒரே ஆவணம் இருக்கிறதா என்று பார்ப்பதும் அவர் வேலை. சிடி-04 சமர்ப்பித்தேன் என்று ஒருவர் எழுதியிருந்தால், சமர்ப்பித்தாரா, அதற்கு மையங்களில் இருந்து காகிதங்களை வாங்கிக் கொடுத்தாரா என்று கேட்க வேண்டும். இரண்டாவதும் கௌரவமான வேலைதான். முதலாவது என்று எழுதிவிட்டு இரண்டாவதைச் செய்திருந்தால் யோசிக்க வேண்டியிருக்கிறது.

ஆவணங்களில் உண்மையான அனுபவம் எங்கே தெரியும் என்பதற்கு நான் எப்போதும் எடுத்துக்கொள்வது ஒப்புதல் படிவத்தை. ஆய்வில் சேரும் நோயாளிக்கு அவர் மொழியில் படிவம் தர வேண்டும். தமிழ்நாட்டு மையம் என்றால் ஆங்கிலப் படிவத்தோடு தமிழ்ப் படிவமும் இருக்கும், சென்னை போன்ற ஊரில் தெலுங்கும் இந்தியும்கூடத் தேவைப்படும். ஒவ்வொரு மொழிப் படிவத்துக்கும் பதிப்பு எண்ணும் தேதியும் உண்டு. மொழிபெயர்ப்பு சரிதான் என்பதற்கான சான்றும் கோப்பில் இருக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் எதிக்ஸ் கமிட்டி ஒப்புதல் தர வேண்டும்.

ஆய்வின் நடுவில் புதிய பக்கவிளைவு ஒன்று தெரியவருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆங்கிலப் படிவம் பதிப்பு 1.0 என்பதிலிருந்து 2.0 ஆகிறது. தமிழ்ப் படிவமும் மாறுகிறது. எதிக்ஸ் கமிட்டியின் ஒப்புதல் கடிதம் மார்ச் 10 அன்று வருகிறது. அதில் “ஆங்கிலம் பதிப்பு 2.0” என்று மட்டும் இருக்கிறது, தமிழ் விட்டுப்போயிருக்கிறது. மார்ச் 14 அன்று மையத்தில் ஒரு அம்மா தமிழ்ப் பதிப்பு 2.0இல் கையெழுத்துப் போடுகிறார். மார்ச் 18 அன்று இன்னொருவர், மேசையில் மிச்சமிருந்த பழைய 1.0 தமிழ்ப் படிவத்தில் கையெழுத்துப் போடுகிறார். முதலாமவரின் படிவத்துக்கு ஒப்புதலே இல்லை. இரண்டாமவருக்குப் புதிய பக்கவிளைவு எழுத்தில் சொல்லப்படவே இல்லை. இரண்டும் தவறுதான், ஆனால் தீர்வு வேறு வேறு. முதலாவதில் கமிட்டியிடம் விடுபட்ட படிவத்துக்கு எழுத்துப்பூர்வ ஒப்புதல் பெற வேண்டும், நடந்ததை மறைக்காமல் தெரிவிக்க வேண்டும். இரண்டாவதில் அந்த நோயாளியிடம் கூடிய சீக்கிரம் புது விவரத்தைச் சொல்லி, அவர் தொடர விரும்பினால், ஒப்புதல் பெற்ற புதிய படிவத்தில் அன்றைய தேதியிட்டு மறுபடி ஒப்புதல் வாங்க வேண்டும். யாரும் பழைய தேதி போடக் கூடாது.

“ஒப்புதல் படிவங்களைச் சரிபார்த்தேன்” என்று எழுதியவரிடம் இந்தக் கதையைச் சொல்லி, நீங்கள் அடுத்த நாள் அந்த மையத்துக்குப் போனால் எந்தக் காகிதத்தை முதலில் எடுப்பீர்கள் என்று கேட்கிறேன். அனுபவம் உள்ளவர் கமிட்டியின் கடிதத்தை எடுப்பேன் என்பார், அதில் எழுதியிருக்கும் பதிப்பு எண்களைக் கையில் வைத்துக்கொண்டுதான் நோயாளிகளின் படிவங்களைத் திறப்பார். அனுபவம் இல்லாதவர் கையெழுத்து இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார்.

காப்பி அடித்த வரிகளையும் ஆவணங்களே காட்டிக்கொடுக்கும். 2019 மார்ச்சில் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவச் சோதனை விதிகள் வந்துவிட்டன. அதற்கு முன் இந்தத் துறை நடந்தது ஷெட்யூல் ஒய் என்ற பழைய விதியின் கீழ். 2022க்குப் பிறகு வேலைக்குச் சேர்ந்தவர் “ஷெட்யூல் ஒய்படி பணி” என்று மட்டும் எழுதி, புது விதிகளைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை என்றால், அந்த வரி பழைய ரெஸ்யூமே ஒன்றிலிருந்து வந்திருக்கலாம். “அமெரிக்க எஃப்டிஏவுக்கு 1572 படிவம் சமர்ப்பித்தேன்” என்பதும் அப்படித்தான். அமெரிக்க அனுமதியின் கீழ் நடக்கும் ஆய்வில் இன்வெஸ்டிகேட்டர் அந்தப் படிவத்தில் கையெழுத்திட்டு ஸ்பான்சரிடம் கொடுப்பார். மையமோ சிஆர்ஏவோ அதை எஃப்டிஏவுக்கு அனுப்புவதில்லை. “தீவிரப் பாதக நிகழ்வுகளை 24 மணி நேரத்தில் அரசுக்கு அறிவித்தேன்” என்றாலும் நிறுத்திக் கேட்க வேண்டும். நிகழ்ந்த 24 மணி நேரத்துக்குள் அரசுக்கும் ஸ்பான்சருக்கும் எதிக்ஸ் கமிட்டிக்கும் தெரிவிப்பது நம் விதிகளில் இன்வெஸ்டிகேட்டரின் கடமை. சிஆர்ஏ பார்ப்பது, அந்த நேரத்துக்குள் போனதா, தாமதம் என்றால் காரணம் எழுதப்பட்டதா, 14 நாளுக்குள் விரிவான அறிக்கை போனதா என்பவற்றை. கோஆர்டினேட்டராக இருந்தபோது மருத்துவருக்காக இவர் அந்த மின்னஞ்சலை அனுப்பியிருக்கலாம். அப்படியென்றால் அந்த வரி முதல் வேலையின் கீழ் இருக்க வேண்டும், இரண்டாவது வேலையின் கீழ் அல்ல.

கடைசியில், மையக் கண்காணிப்பு. “நூறு சதவீத மூல ஆவணச் சரிபார்ப்பு” என்பதைச் சாதனையாகப் போடுகிறார்கள். எவ்வளவு சரிபார்க்க வேண்டும் என்பதை முடிவு செய்வது அந்த ஆய்வின் கண்காணிப்புத் திட்டம். 2016இல் வந்த சர்வதேச நெறிமுறைத் திருத்தத்துக்குப் பிறகு, எல்லாவற்றையும் பார்ப்பதைவிட ஆபத்து எங்கே அதிகமோ அங்கே கூர்ந்து பார்ப்பதுதான் நடைமுறையில் பரவியிருக்கிறது. 2025 ஜனவரியில் இறுதியான அடுத்த பதிப்பும் அதே திசையில்தான் போகிறது. ஆகவே நூறு சதவீதம் என்பதற்கு, திட்டம் அப்படிச் சொன்னது என்பதைத் தவிரப் பெரிய பொருள் இல்லை. நான் தேடுவது, என்ன கண்டுபிடித்தார், கண்டுபிடித்து என்ன செய்தார் என்பதை. ரெஸ்யூமேயில் அப்படி ஒரே ஒரு வரி இருந்தாலும் என் கண் அங்கே நிற்கும். “குளிர்பதனப் பெட்டியின் வெப்பநிலை வார இறுதியில் 8 டிகிரியைத் தாண்டியது பதிவில் இருந்தும் அறிவிக்கப்படவில்லை, மருந்தைத் தனியே வைக்கச் சொல்லி ஸ்பான்சரின் முடிவு வரும்வரை வழங்கலை நிறுத்தினோம்” என்று ஒருவர் எழுதினால், அவர் அந்தப் பெட்டியின் முன்னால் நின்றவர்.

அப்படி வரி இல்லாவிட்டால் ஒரு சின்னக் கணக்கைக் கொடுத்துப் பார்க்கலாம். நோயாளி தினமும் இரண்டு மாத்திரை சாப்பிட வேண்டும். 60 மாத்திரை கொடுத்து 28 நாள் கழித்து வரச் சொல்கிறார்கள். 56 தீர்ந்திருக்க வேண்டும், நான்கு திரும்ப வர வேண்டும். திரும்ப வந்த பாட்டிலில் 18 இருக்கிறது. அப்படியென்றால் சாப்பிட்டது 42, அதாவது 75 சதவீதம். 80 சதவீதத்துக்குக் குறைந்தால் விதிமீறலாகப் பதிய வேண்டும் என்று ஆய்வுத் திட்டம் சொல்கிறது. ஆனால் கேஸ் ஷீட்டில் “மருந்து ஒழுங்காகச் சாப்பிடுகிறார்” என்று எழுதியிருக்கிறது. என்ன செய்வீர்கள்?

பெரும்பாலானோர் “விதிமீறலாகப் பதிவு செய்யச் சொல்வேன்” என்பார்கள். தவறில்லை, ஆனால் அது வேலையின் கடைசிப் பகுதி. நல்ல சிஆர்ஏ முதலில் ஏன் என்று கேட்பார். 14 மாத்திரை என்பது சரியாக ஒரு வார மருந்து. அந்த வாரம் என்ன நடந்தது? குமட்டல் வந்து நோயாளியே நிறுத்தினாரா? அப்படியென்றால் பதிவாகாத பக்கவிளைவு ஒன்று இருக்கிறது, அது விடுபட்ட மாத்திரையைவிடப் பெரிய விஷயம். மருத்துவரே ஒரு வாரம் நிறுத்தச் சொன்னாரா? அப்படியென்றால் அந்த முடிவு எங்கே எழுதப்பட்டிருக்கிறது? இதையெல்லாம் கோஆர்டினேட்டரிடமும் மருத்துவரிடமும் பேசித் தெரிந்துகொண்டு, ரிப்போர்ட்டில் எழுதி, மற்ற நோயாளிகளிடமும் இப்படி இருக்கிறதா என்று பார்ப்பார். கேஸ் ஷீட்டில் இருக்கும் வாக்கியத்தை மாற்றச் சொல்லவே மாட்டார். திருத்தம் தேவை என்று மருத்துவர் முடிவு செய்தால், பழைய எழுத்து தெரியும்படி ஒரே கோடு போட்டு, கையெழுத்தும் அன்றைய தேதியும் போட்டு மருத்துவர் திருத்துவார். “நான் திருத்திக் கொடுத்தேன்” என்று ஒருவர் வாய்விட்டுச் சொன்னால் அந்த நேர்காணல் அங்கேயே முடிந்துவிட்டது என்றுதான் என் கருத்து. சரிபார்ப்பவரே பதிவை எழுதினால் சரிபார்ப்பு என்று எதுவும் மிச்சமில்லை.

இன்னொரு விஷயத்தையும் பார்க்க வேண்டும். சில ரெஸ்யூமேக்களில் நடந்துகொண்டிருக்கும் ஆய்வின் ஸ்பான்சர் பெயர், புரோட்டோகால் எண், மருத்துவர்களின் பெயர்கள் எல்லாம் வரிசையாக இருக்கும். எழுதுபவர் அதை நம்பகத்தன்மை என்று நினைக்கிறார். ஆனால் ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர் அந்தக் காகிதத்தை ஊரெல்லாம் அனுப்புகிறார். நோய்ப் பிரிவு, கட்டம், மையங்களின் எண்ணிக்கை, எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை என்பது போதும். அடக்கமாக எழுதிய ரெஸ்யூமேக்கு நான் கூடுதல் மதிப்புக் கொடுப்பேன்.

நாம் எடுத்துக்கொண்ட ரெஸ்யூமேயின் கதைக்கு வருவோம். தொலைபேசியில் பேசினால் கிடைக்கும் பதில்கள் இப்படி இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒரே நேரத்தில் அதிகபட்சம் ஆறு மையங்கள். மீதி எட்டில் ஐந்து, இன்னொருவர் விலகியபோது இரண்டு மாதத்துக்கு மட்டும் பார்த்தவை. மூன்று, சீனியரோடு துணைக்குப் போனவை. முதல் கட்டம் என்று எழுதியது சிடி-07 அனுமதியில் நடந்த பயோஈக்விவலன்ஸ் ஆய்வு. நான்காம் கட்டம் என்றது, விற்பனையில் உள்ள மருந்தின் விளைவைக் குறித்துக்கொள்ளும் ஆய்வு. நிறைவு விசிட் இரண்டு, இரண்டிலும் நோயாளி யாரும் சேரவில்லை. ஆனால் மூன்றாம் கட்ட நீரிழிவு ஆய்வில் ஆறு மையங்களையும் பத்து மாதம் தனியாகப் பார்த்திருக்கிறார். ஒப்புதல் படிவக் கதைக்குக் கமிட்டியின் கடிதத்தைத்தான் முதலில் எடுக்கிறார். மாத்திரைக் கணக்கில் ஒரு வார மருந்து விடுபட்டதை அவரே கண்டுபிடித்துச் சொல்கிறார்.

இவரைச் சீனியர் சிஆர்ஏ பதவிக்கு எடுக்க மாட்டேன். இரண்டாம் நிலை சிஆர்ஏ பதவிக்கும் இன்னும் ஆறு மாதமாவது வேண்டும், நோயாளிகள் இருந்த மையம் ஒன்றை முழுமையாக மூடிய அனுபவமும் வேண்டும். முதல் நிலைப் பதவிக்குத் தயங்காமல் எடுப்பேன். கோஆர்டினேட்டராக 20 மாதம் நோயாளிகளுக்கு முன்னால் உட்கார்ந்தவர் என்பதால், கேஸ் ஷீட்டின் எந்த மூலையில் விஷயம் ஒளிந்திருக்கும் என்று அவருக்குத் தெரியும். அந்த 20 மாதத்தைத் தலைப்பில் சேர்த்து மறைத்திருக்கத் தேவையே இல்லை, தனியாக எழுதியிருந்தால் ரெஸ்யூமே இன்னும் வலுவாக இருந்திருக்கும். வேலைக்கு எடுக்கும்போது முதல் மூன்று மையங்களில் சீனியர் ஒருவர் கூடப் போக வேண்டும் என்றும், அவற்றில் ஒன்று மூடும் நிலையில் இருக்கும் மையமாக இருக்க வேண்டும் என்றும் குறிப்பில் எழுதி, மனிதவளப் பிரிவுக்கு அனுப்புவேன்.